மதுரைக்கு எந்த ‘டி’

எங்கள் ஆபீஸ் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. தலைமை ஆபீஸ் சென்னையில். மதுரைக் கிளையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான், எங்கள் பிழைப்பும் அப்போது ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது பால் கொள்முதல் செய்கிற ஒரு தனியார் கம்பெனி. திருமங்கலம், உசிலம்பட்டி, டி. கல்லுப்பட்டிப் பக்கத்து ஊர்களில் காலையும் சாயங்காலமும் பால் ஊற்ற வருகிறவர்களின் கணக்கை நிலையத்தில் இருப்பவர் போனில் பதிந்தாக வேண்டும். அந்தப் பதிவைச் செய்கிற ஆப் எங்களுடையது.

அந்த ஆப்பில்தான் குண்டு விழுந்தது. புதிய பதிப்பு ஒன்றை ஏற்றினோம். அது பூஜ்ஜியத்தில் தொடங்கும் உறுப்பினர் எண்களையெல்லாம் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. பழைய உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் பூஜ்ஜியத்தில்தான் எண் தொடங்கும். பதிவு ஆகாமல் பாலை வாங்கவும் முடியாது, கேனோடு வரிசையில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது. ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் இப்படியே போயிற்று. வண்டி தாமதமாகி, இரண்டு ஊர்ப் பால் வழியிலேயே திரிந்துவிட்டது.

அன்று காலையில் நான் படியேறி வரும்போதே, போன் எடுக்கிற பெண் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, பால் கம்பெனி மேனேஜர். சாயங்காலப் பால் எறங்குறதுக்குள்ள சரியாகலேன்னா பழைய ஆளுககிட்டயே போயிருவோம்ங்கிறாரு. கையெழுத்து போட்டு லெட்டரே ரெடியாம்."

சாயங்காலப் பால் நாலு மணிக்கு இறங்க ஆரம்பிக்கும்.

அந்தக் கம்பெனி போனால் மதுரைக் கிளை மூடப்படும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சென்னையிலிருந்து அதைச் சுற்றி வளைக்காமலே சொல்லியிருந்தார்கள். வர விருப்பமுள்ளவர்களுக்குச் சென்னையில் இடம் உண்டு என்றும் பெரிய மனசோடு சேர்த்துச் சொன்னார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தபடி சென்னையில் வாடகை விசாரிக்க ஆரம்பித்தார்கள். என்னால் அதுகூட முடியாது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அம்மா இல்லை, நான் ஒற்றைப் பிள்ளை. வீடு புதூரில், ஆபீசிலிருந்து வண்டியில் ஒரு எட்டு. தினமும் மத்தியானம் வீட்டுக்கு ஓடி அவரை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, குழைத்த சோற்றை ஊட்டிவிட்டு மறுபடியும் ஆபீசுக்கு ஓடிவருவேன். வேறு யார் கையாலும் அவர் வாங்கமாட்டார். பார்த்துக்கொள்ள வந்த ஒரு பெண் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துப் பயந்து, சம்பளம்கூட வாங்காமல் போய்விட்டாள். இந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு நான் சென்னையில் எந்த மாடிப் போர்ஷனில் ஏறுவது? மதுரையில் வேறு வேலை தேடலாமே என்பார்கள். மத்தியானம் வீட்டுக்குப் போய்வர விடுகிற வேலை ஒன்று காட்டுங்கள், இப்போதே போகிறேன். கிளை மூடும் என்ற பேச்சை மட்டும் அப்பாவிடம் நான் மூச்சுவிடவில்லை. பதில் சொல்ல முடியாத மனிதரிடம் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருவது பாவம் என்று நினைத்தேன்.

பிழை எங்கே என்பதை முதல் நாளே கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டேன். பெரிய விஷயமே இல்லை. நான் சோதனை செய்து பார்த்தேன், சென்னையில் இருக்கிற பையன் ஒருவன் காலையில் சரிபார்த்து ஒப்புதலும் கொடுத்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன். பொறுமைசாலி, ஒரு கமாகூட இடம் மாறி இருக்கக்கூடாது அவனுக்கு. இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. திருத்திய நிரலை முதன்மைத் தொகுப்பில் சேர்த்தால், அதை வைத்திருக்கிற இணையதளம் தானாகவே சோதனைகளை ஓட்டும், ஆப்பைக் கட்டி முடிக்கும், பிறகு சர்வரில் கொண்டுபோய் ஏற்றும். மனிதக் கை படாமல் நடக்கிற வேலை. நாங்கள் அதை டிப்ளாய் என்போம்.

சேர்த்தேன். சோதனை பச்சை. கட்டுமானம் பச்சை. டிப்ளாய் சிவப்பு.

இணையம் விக்கியிருக்கும் என்று மறுபடி ஓடவிட்டேன். அதே சிவப்பு. மூன்றாம் முறை ஓடவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரைக் கும்பிடுகிற நிலைமைக்கு வந்துவிட்டோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சிவப்பும் வந்தது.

பிறகுதான் புத்தி வந்து, வேலை ஓடியதன் பதிவை வரிவரியாகப் படித்தேன். சர்வரின் முகவரி, உள்ளே நுழைவதற்கான சாவி, பயனர் பெயர் ஆகியவற்றை நிரலில் எழுதி வைக்கமாட்டோம். எல்லோர் கண்ணிலும் படும். நிரல் இருக்கிற தளத்திலேயே அதற்கென்று ஒரு பெட்டகம் உண்டு. அதில் போட்டு வைப்பதை சீக்ரெட் என்போம். போட்டவர்கூட அதைத் திரும்ப எடுத்துப் படிக்க முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகப் போடத்தான் முடியும். டிப்ளாய் நடக்கும்போது தளமே எடுத்துக் கொடுக்கும். பதிவில் அந்த இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும் தெரியும்.

அந்த மூன்று நட்சத்திரம் இல்லை. முகவரி என்ற இடத்துக்கு நேரே வெற்று. சாவிக்கு நேரே வெற்று. பயனர் பெயருக்கு நேரேயும் ஒன்றுமில்லை. பெட்டகத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்தத் தளம் அதைச் சொல்லவும் சொல்லாது. வெறும் காற்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, போய் வா என்று அனுப்பிவிடும். போன வேலை சர்வர் எங்கே என்று தெரியாமல் முட்டிக்கொண்டு விழுந்திருக்கிறது.

நேற்று வரைக்கும் இருந்த சீக்ரெட் எங்கே போகும்? யாரோ அழித்திருக்கிறார்கள் என்றுதான் என் புத்தி ஓடியது.

கோயம்புத்தூர்ப் பையனுக்குப் போன் போட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் பாய்ந்தேன்.

"தம்பி, செட்டிங்ஸ்ல எதையாச்சும் அழிச்சீங்களா? சீக்ரெட் ஒண்ணுமே இல்ல."

"ஐயோ இல்லைங்க்கா. எனக்கு செட்டிங்ஸ் பக்கமே தெரியாதுங்க, அட்மின் பர்மிஷன் இல்லைங்களே. நான் உங்க ஃபைலையும் டிப்ளாய் ஃபைலையும்தானுங்க பார்த்தேன். ஸ்பேஸ் எல்லாம் கன்னாபின்னான்னு இருந்துச்சு, அதை நேர் பண்ணினேன். அப்புறம் ரெண்டு மூணு எழுத்துப்பிழை. அவ்வளவுதானுங்க."

"சரி வைங்க" என்று வைத்துவிட்டேன். அவன் திருத்தியதை ஒருமுறை பார்க்கவும் செய்தேன். இடைவெளியை நேர்ப்படுத்தியதில் டிப்ளாய் கோப்பு முழுக்கவே மாறியதாகக் காட்டியது. பழையதெல்லாம் சிவப்பு, புதியதெல்லாம் பச்சை, திருவிழாக் கொடி போல. கண்ணை ஓட்டினேன். எந்த சர்வருக்கான பெட்டகம் என்று சொல்கிற ‘சூழல்’ வரியில் மதுரை என்று இருந்தது. பழையதிலும் மதுரை, புதியதிலும் மதுரை. சரிதான் என்று மூடிவிட்டேன்.

பெட்டகத்தைத் திறந்து பார்க்கிற உரிமை எங்கள் கம்பெனியில் இரண்டே பேருக்குத்தான். ஒருவர் முதலாளி. அன்றைக்கென்று பார்த்து சிங்கப்பூர் விமானத்தில் இருந்தார். இன்னொருவர் எங்கள் கிளைப் பொறுப்பாளர். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். அன்றைக்கு அவர் லீவு, அழகர்கோவிலில் அவருடைய தங்கை மகனுக்கு மொட்டையெடுத்துக் காது குத்து. சர்வருக்குள் நேரே நுழையலாம் என்றால் அந்தச் சாவியும் அவருடைய லேப்டாப்பில். பழைய பதிப்பையே ஏற்றித் தொலைக்கலாமா என்றும் யோசித்தேன். தரவுத்தளத்தின் அமைப்பையே புதிய பதிப்புக்காக மாற்றிவிட்டோம், பழையது அதில் எழுந்தே நிற்காது.

அண்ணனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. போன் எடுக்கிற பெண்ணையும் அவள் போனிலிருந்து அடிக்கச் சொன்னேன். கடைசியில் யாரோ ஒரு அம்மாள் எடுத்தார்கள்.

"அவரு தாய்மாமன்ல தாயி? மாலையப் போட்டு உக்கார வச்சிருக்கு. இப்பப் போயி போனைக் குடுத்தா நல்லாவா இருக்கும்? காது குத்தி முடியட்டும்."

"எப்ப முடியும்மா?"

"ஆசாரியே இன்னும் வரல. வந்துட்டுத்தேன் இருக்காராம்."

வந்துகொண்டிருக்கிற ஆசாரி எந்த ஊரில் இருக்கிறார் என்று எந்த விசேஷ வீட்டிலும் யாருக்கும் தெரியாது. என்னால் உட்கார முடியவில்லை. லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நான் நேர்ல போயி பிடிச்சிட்டு வாரேன்" என்று கிளம்பினேன்.

"அக்கா, வீட்டுக்கு?" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு என் மத்தியானம் தெரியும்.

படியில் இறங்கிக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். சௌராஷ்டிரக் குடும்பம். அம்மா போனதிலிருந்து ஆத்திர அவசரத்துக்கு அவர்கள்தான். "அக்கா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அப்பாவுக்குச் சோறு குடுத்துருங்க. நான் பெறகு சொல்றேன்." அக்கா ஏதோ கேட்க ஆரம்பித்தார்கள். நான் வைத்துவிட்டேன்.

அழகர்கோவில் சாலையில் வெயில் தார் உருகுகிற வெயில். வண்டி போகப் போக மலை அதே இடத்தில்தான் இருந்தது, பக்கத்தில் வருவதாகவே தெரியவில்லை. வேன் வேனாக ஜனங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வேனின் பின்னால் ஆட்டுக்கிடா ஒன்று மாலையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. உன் நிலைமையும் என் நிலைமையும் ஒன்றுதான் என்று அதனிடம் சொன்னேன், வாய்விட்டே. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டும் இருந்தேன். வேலை போவதை நினைத்து அழவில்லை. அப்பாவைச் சென்னைக்குக் கொண்டுபோகிற ஆம்புலன்சில் அவர் கண் எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி வந்து, அதை விரட்ட முடியாமல்தான் அழுதேன்.

கோயிலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு பந்தல். அண்ணன் பட்டு வேட்டியும் மாலையுமாக மணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை. ஆசாரி வந்துவிட்டிருந்தார், ஆனால் நல்ல நேரம் இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

"அடடா, வா வா! நீ வரமாட்டேன்னுல்ல நெனச்சேன். மொதல்ல சாப்பிடு."

"அண்ணே, டிப்ளாய் நிக்கிது. சீக்ரெட் எல்லாம் காலி. நீங்க செட்டிங்ஸைத் தெறந்து பாக்கணும்."

பல் மறைந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளை அமுக்கியது. தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்த பிறகு காது குத்தாமல் எழுந்திருக்கக் கூடாதாம். நான் யாரோ, என்ன சனியனோ என்று அங்கே இருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஒரு அம்மாள் இலைச்சோறு நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். "வேண்டாம்னு சொல்லிட்டுப் போனா பிள்ளைக்கு ஆகாது" என்று ஒரு லட்டையாவது கையில் திணித்தார்கள். மரத்திலிருந்து குரங்கொன்று இறங்கி என் லேப்டாப் பையையே குறிவைத்துக்கொண்டிருந்தது. லட்டை அதனிடம் வீசிவிட்டுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, அப்பா வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. பல்லைக் கடிச்சிக்கிட்டாரு. நீ எம்புட்டு நேரத்துல வருவ?"

"வந்துர்றேன்க்கா. கொஞ்ச நேரத்துல வந்துர்றேன்." போனை வைத்துவிட்டேன். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லவும் மறந்துபோனேன்.

குத்தினார்கள். பிள்ளை மலையே அதிரும்படி வீரிட்டது. அண்ணன் பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்தார், மாலையைக் கழற்றாமலே என்னோடு ஓடி வந்தார். பந்தலுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த நாற்காலி ஒன்றில் லேப்டாப்பை வைத்தோம். அவர் போனிலிருந்து இணையம். ஒரே ஒரு கோடு சிக்னல், அதுவும் வந்து வந்து போயிற்று. தன் பெயரில் நுழைந்து, போனில் வந்த எண்ணையும் அடித்து, செட்டிங்ஸைத் திறந்தார். சூழல்கள் என்ற பக்கம் வருவதற்கு ஒரு யுகம் ஆயிற்று.

வந்தது. பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன.

madurai
mathurai

அண்ணன் திரையையே பார்த்தார். சந்தனம் வழிகிற முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது.

"எவன்டா இது டெல்லிக்குப் போடுற டியைப் போட்டவன்?"

அண்ணனை அறிந்தவர்களுக்கு இந்தக் கோபம் புரியும். மதுரையை அவர் d போட்டு எழுதவே மாட்டார். வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கூரியர் கவர் வரைக்கும் th தான். "டெல்லி டியைப் போட்டா வெளியூர்க்காரன் மடுரைன்னுதான வாசிக்கிறான்? த-ன்னு வாயில வரணும்ல?" என்று தெரியாத ஆட்களைக்கூட நிறுத்தி வைத்துச் சண்டை போடுவார். ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இருப்பதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். எங்கள் சர்வருக்கான சூழலை உருவாக்கி, சீக்ரெட்டை எல்லாம் போட்டு வைத்தவரும் அவர்தான். mathurai என்ற பெயரைச் சொடுக்கினார். முகவரி, சாவி, பயனர் பெயர் எல்லாம் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தன. யாரும் எதையும் அழிக்கவில்லை. madurai என்பதைச் சொடுக்கினார். காலி.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கோயம்புத்தூர்ப் பையன் திருத்திய எழுத்துப்பிழைகளில் ஒன்று இது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறது. நான் கோப்பைப் பார்த்தபோது இரண்டையும் மதுரை என்றே படித்துவிட்டேன். சொந்த ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டியா படிப்போம்? அந்தத் தளமாவது, இப்படி ஒரு சூழல் கிடையாது என்று கத்தியிருக்கலாம். அது கத்தாது. கோப்பில் எழுதிய பெயரில் சூழல் இல்லாவிட்டால் மரியாதையாகப் புதிதாக ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும், உள்ளே ஒன்றுமில்லாமல். மூன்று முறையும் என் வேலை அந்தக் காலி வீட்டுக்குள் போய்த் தேடிவிட்டுத்தான் திரும்பியிருக்கிறது.

"சாவியைத் திரும்பப் போடணுமாண்ணே?"

"எதுக்கு? ஃபைல்ல பேர மாத்தினாப் போதும். அந்த டியை எடுத்துட்டு டி-ஹெச் போடு."

அவ்வளவுதான். பெட்டகத்தைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அண்ணன் வேண்டியதில்லை, அழகர்கோவில் வேண்டியதில்லை. ஆபீசில் என் நாற்காலியில் இருந்தபடியே அந்த ஒரு வரியை மாற்றியிருந்தால் மத்தியானம் நான் வீட்டில் இருந்திருப்பேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை.

வரியை மாற்றிச் சேர்க்கப் போனால் சிக்னல் செத்துவிட்டது. லேப்டாப்பை விரித்தபடியே தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு நான் ரோட்டுப் பக்கம் நடந்தேன். அண்ணன் மாலையோடு போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். சாமி கும்பிட வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு கோடு கிடைத்தது. கோயம்புத்தூர்ப் பையனைக் கூப்பிட்டு ஒப்புதல் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, ஸ்பெல்லிங் தப்புங்களே" என்றான்.

"தம்பி, உங்க கால்ல விழுறேன். தப்பாவே இருக்கட்டும். அமுக்குங்க."

அமுக்கினான். சோதனை பச்சை. கட்டுமானம் பச்சை. டிப்ளாய்க்கு நேரே மஞ்சள் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதிவைத் திறந்தேன். முகவரிக்கு நேரே மூன்று நட்சத்திரம் வந்தது. சாவிக்கு நேரே மூன்று நட்சத்திரம். நடுரோட்டில் நின்று, "வந்துருச்சுண்ணே" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் வட்டம் பச்சையாயிற்று. ஆபீசிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். டி. கல்லுப்பட்டி நிலையத்தில் சொல்லி பூஜ்ஜிய எண் ஒன்றை அடித்துப் பார்க்கச் சொன்னாளாம், பதிவு ஆகிவிட்டதாம். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

நான் நேரே வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது பால் கம்பெனி மேனேஜரே அழைத்தார். சாயங்காலப் பால் முழுக்க இறங்கி முடிகிற வரைக்கும் ஆப்பை எழுதின ஆள் ஆபீசில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் லெட்டரைக் கிழிப்பேன் என்றார். முடியாது என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. புதூர் வழியாகத்தான் ஆபீசுக்குப் போனேன். எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் வண்டி தானாகவே மெதுவாயிற்று. திரும்பவில்லை. ஒரு தடவை உள்ளே போனால் என்னால் வெளியே வரமுடியாது என்று தெரியும்.

பால் இறங்கி முடிய இருட்டு வந்துவிட்டது. ஒரு பதிவுகூடத் தவறவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாடை தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா அப்பாவின் கட்டிலருகே கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். விரிப்பு நனைந்திருந்தது. தனியாளாக அவரைத் தூக்க அக்காவால் முடியவில்லை, பாவம், வேலைக்குப் போன அவர்கள் வீட்டு ஆண்களும் திரும்பியிருக்கவில்லை.

"ரெண்டு மூணு மணி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாரும்மா" என்றார்கள் அக்கா. "வண்டிச் சத்தம் கேட்டா தலையத் தூக்குவாரு. பெறகு சுவத்தைக் காட்டிக் கையை ஆட்டினாரு. மொகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி விட்டேன்."

அவரைத் துடைத்தேன். விரிப்பை மாற்றினேன். காலையிலிருந்து ஒரே பக்கமாகக் கிடந்ததில் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, தொட்டால் கொதித்தது. அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார், என்னைப் பார்க்கவில்லை. புரட்டும்போது உடம்பை எனக்குக் கொடுக்காமல் கட்டையாக வைத்துக்கொண்டார். கஞ்சியைக் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார், என்னிடமும்.

போனில் செய்தி வந்தது. விமானம் இறங்கிய முதலாளி அனுப்பியிருந்தார். பால் கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டிக்கிறதாம், மதுரைக் கிளை தொடருமாம், எல்லோருக்கும் வாழ்த்தாம். அதைப் படித்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. கட்டிலில் தலையை வைத்து அழுதுகொண்டே, "அப்பா, நாம எங்கயும் போக வேணாம்ப்பா, சென்னைக்குப் போக வேணாம்ப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்படி ஒரு பேச்சு இருந்ததே அவருக்குத் தெரியாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். அந்தப் ‘போக’ மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மிரண்டுபோன கண்ணோடு, விளங்குகிற இடது கையை நீட்டி என் சேலைத் தலைப்பைப் பற்றினார். எங்கேயும் போகலப்பா, இங்கதான் இருக்கேன் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கஞ்சியைச் சூடு பண்ண எழுந்தேன். அவர் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன், பிரித்த விரல் மறுபடி வந்து பிடித்துக்கொண்டது. அக்காதான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.